தகட்டில் வெட்டிய பேர்

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லேமினேஷன் போடுவேன், கூரியரும் புக் செய்வேன். ஆயம்மாள் அக்காவுக்கு இந்தக் கடைதான் தபால் ஆபீஸ், டெலிபோன் பூத் எல்லாம். அவளிடம் இருப்பது பட்டன் போன். அதனால் சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்யும் அவளுடைய தங்கை நிர்மலா, படமோ செய்தியோ எதுவானாலும் என் வாட்ஸ்அப்புக்குத்தான் அனுப்புவாள். கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பும்போது அக்கா கடைக்கு வந்து நிற்பாள். நான் படித்துச் சொல்வேன்.

அம்மா செத்த பிறகு நிர்மலாவைத் தூக்கி வளர்த்தவள் ஆயம்மாள். தனக்குப் பிள்ளை இல்லை, அதைப் பற்றி அவள் பேசவும் மாட்டாள். நிர்மலாவின் புருஷன் அடித்துத் துரத்தினான். அவள் அக்கா வீட்டில் வந்து கிடந்து, பிறகு ஒரு ஏஜென்ட் மூலமாக விமானம் ஏறினாள். ஊர் சும்மா இருக்குமா? புருஷனை விட்டவள், தனியாகப் போனவள், அங்கே என்ன வேலையோ என்று தெருக்குழாயடியில் கேட்காத நாள் கிடையாது. அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கே கை பரபரக்கும். ஆயம்மாள் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள்.

நிர்மலா லீவில் வந்தபோது அக்காவுக்கு ஒரு கைப்பை கொண்டுவந்தாள். அவள் வேலை செய்யும் வீட்டு மேடம் அவளுக்குக் கொடுத்தது. வார் அறுந்துபோயிருந்த பழைய பை, ஆனால் பெரிய கம்பெனி. அந்தக் கம்பெனியின் பேர் என் வாயில் சரியாக நுழையாது. முன்பக்கம் தங்கநிறத்தில் ஒரு தகடு, அதில் கம்பெனி எழுத்து பதித்திருக்கும். செருப்பு தைப்பவரிடம் கொடுத்து வாரை ஒட்டவைத்து, ஆயம்மாள் அதைக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மாட்டிக்கொண்டு போனாள். ரேஷன் கார்டும் ஆதாரும் அதற்குள்ளேதான். தோல் காய்ந்துவிடக் கூடாதென்று வாரம் தவறாமல் தேங்காயெண்ணெய் தடவுவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் தலை வாரிக்கொண்டு வந்தவள் மாதிரி பை மணக்கும்.

அதோடு விட்டாளா? எங்கள் பக்கத்தில் சீர் வைத்த குண்டானில்கூடக் கொடுத்தவர் பேரை வெட்டாமல் விடமாட்டோம். பேர் இல்லாத பாத்திரம் யார் வீட்டுப் பாத்திரமோ. ஆயம்மாள் பையை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடைக்குப் போனாள். அங்கே பேர் வெட்டும் சின்னராசு அண்ணன் முன்னால் வைத்து, தகட்டிலேயே, கம்பெனி எழுத்துக்குக் கீழே, 'நிர்மலா, சிங்கப்பூர்' என்று வெட்டச் சொன்னாள். குழாயடியில் பேசின அத்தனை வாய்க்கும் பதிலை இடுப்போரம் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளை விரலால் தடவி எது 'நி', எது 'லா' என்று காட்டுவாள்.

ஒருநாள் அந்தப் பையைப் பற்றி நிர்மலாவிடமிருந்து செய்தி வந்தது, அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அக்காகிட்ட சொல்லு அபிநயா. அந்தப் பைய மேடம் திருப்பிக் கேக்கறாங்க. அந்த மாதிரி பழைய பைக்கு இப்ப நல்ல கிராக்கியாம். வாங்கற கடைக்காரங்க மொதல்ல போட்டோ பாத்து ஒரிஜினலான்னு செக் பண்ணுவாங்களாம். சரின்னாதான் கூரியர்ல அனுப்பணும். முன்பக்கம், பின்பக்கம், நாலு மூல, ஜிப்பு, தையல், தகடு கிட்டத்துல, உள்ள தோல்ல அச்சடிச்ச நம்பரு, எல்லாம் வெளிச்சத்துல எடுக்கணும். சாதாரணமா அனுப்புனா படம் மங்கிடும், டாக்குமென்ட்டா அனுப்பு."

"குட்த்தத எப்பிடிம்மா திருப்பிக் கேப்பாங்க?" என்றாள் ஆயம்மாள்.

"வாய் இருக்குது, கேக்கறாங்க," என்றேன். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. குப்பைக்குப் போக வேண்டியதை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, விலை வரும் என்று தெரிந்ததும் கை நீட்டும் ஜென்மங்கள். "முடியாதுன்னு எழுதட்டுமாக்கா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. அவளுக்கு பர்மிட்டு முடியற நேரம். அந்தம்மா கையெழுத்து போட்டாதான் மறுபடியும் இருக்க முடியும். இங்க வந்து இன்னா பண்ணுவா? அவ புருஷன் வாசல்ல வந்து நிப்பான். பை போனா போவுது."

மறுநாள் பையை வெறுமையாக்கிக் கொண்டுவந்தாள். ரேஷன் கார்டும் ஆதாரும் ஒரு மஞ்சள் துணிப்பைக்கு மாறியிருந்தன. கடை வாசலில் வெள்ளை வேட்டி விரித்து, எண்ணெய்ப் பளபளப்பு போகத் துடைத்து, வெயில் நேரடியாக விழாத இடத்தில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். உள்ளே இருந்த நம்பர் தெரிய, தோலை அவள் இரண்டு விரலால் விரித்துப் பிடித்தாள். காய்ப்பு ஏறிய விரல் படத்தில் விழுந்ததால் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. தகட்டை மட்டும் தனியாக எடுத்து அனுப்பினேன். ஒரு நல்ல அட்டைப்பெட்டியையும் எடுத்து வைத்துவிட்டேன்.

நிர்மலா உடனே கூப்பிட்டாள். குரல் அடங்கி, குளியலறையிலிருந்து பேசுகிறாள் போல எதிரொலித்தது.

"அய்யோ அபிநயா, தகட்டுல இன்னா என் பேரு? அக்கா இன்னா பண்ணிக்கிது? மேடமுக்கு தமிழ் படிக்கத் தெரியும். அவங்க பையில என் பேர வெட்டிக்கினேன்னு பாத்தா தொலச்சிடுவாங்க. நான் இன்னும் எதையும் காட்டல. எப்பிடியாவது அத்த அழிச்சிட்டு மறுபடியும் எட்து அனுப்பு."

ஸ்பீக்கரில்தான் பேசினாள். ஆயம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். தப்புச் செய்த பிள்ளை போலப் பையின் மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

"அழிக்கலாமாக்கா?" என்றேன்.

"அவ பொழப்ப விடவா பேரு பெருசு," என்றாள். ஆனால் முகம் கோணிக்கொண்டது, கண் நிறைந்துவிட்டது. "அழிக்கறதுக்கு நானே எட்த்துனு போவணுமே, அதான்."

நானும் கடையை மூடிவிட்டு அவளோடு டவுன் பஸ் ஏறினேன். சின்னராசு அண்ணன் தகட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வெட்டினவரே அவர்தான்.

"ஆழமா வெட்டிக்கிறேனே. இத்த தேச்சா மேல இருக்கற கம்பெனி எழுத்தும் மங்கும். பரவால்லியா?"

"எங்க நிர்மலா பேரு தெரியக் கூடாதுண்ணா," என்றாள் ஆயம்மாள். அவளுக்குக் கம்பெனி எழுத்து கணக்கிலேயே இல்லை. அந்த எழுத்தைத்தானே கடைக்காரர்கள் பார்ப்பார்கள் என்று எனக்கு மட்டும் உறைத்தது. ஆனால் அந்தப் பக்கம் ஒரு பெண் குளியலறையில் நின்று நடுங்குகிறாள், இந்தப் பக்கம் நாங்கள் என்னத்தை யோசிப்பது? தகட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் மெஷினில் பிடித்தார். பொன்நிறம் போய் வெளுத்த பித்தளையாக வந்தது. கம்பெனி எழுத்து, ஈரத் தரையில் நடந்த தடம் காயக் காய மங்குமே, அந்த அளவுக்கு மிச்சம் இருந்தது. நிர்மலா போய்விட்டாள்.

புதுப் படங்களை அனுப்பினேன். சில நாள் கழித்துப் பதில் வந்தது. படம் பார்க்கிறவர்கள் சொன்னதை நிர்மலா அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள். தையல் சரி, ஜிப் சரி, உள்ளே இருக்கும் நம்பரும் அந்தக் கம்பெனி போடுகிற மாதிரிதான். ஆனால் முன் தகடு தேய்க்கப்பட்டிருக்கிறது, எழுத்து மாறியிருக்கிறது, பொருத்திய இடத்தில் கழற்றிய அடையாளம் தெரிகிறது. ஒரிஜினல் என்று உறுதி சொல்ல முடியாது. பையை அனுப்ப வேண்டாம். தேய்ப்பதற்கு முந்தைய படம் இருந்தால் காட்டவும்.

அதற்குக் கீழே நிர்மலாவின் குரல். அழுதுகொண்டே பேசினாள். "தகட்ட மாத்திட்டீங்கன்னு மேடம் சொல்றாங்க. ஒரிஜினல வித்துட்டு வேற பைய காட்றோம்னு சொல்றாங்க. மேடம் வீட்ல நான் இத்தன வருஷம் ஒரு ஸ்பூன்கூட எட்த்ததில்ல அபிநயா. நீயே சொல்லு."

ஆயம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "எம் பொண்ண திருடின்னு சொல்லிட்டாங்களா?" தங்கை என்று சொல்ல மறந்துபோயிருந்தாள்.

திருட்டுப் பட்டத்தைத் துடைக்க இருந்தது ஒரே வழிதான். முதல் நாள் எடுத்த படங்கள் என் போனிலேயே இருந்தன. அதை நிர்மலாவிடம் சொன்னேன். "காட்டிர்றேன். திருடின்னு இருக்கறதுக்கு இது தேவல," என்றாள். காட்டினாள்.

படம் பார்க்கிறவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். அதே தகடு, அதே நம்பர், பை ஒரிஜினல்தான். பைக்குச் சொந்தக்காரர் பேர் வெட்டியிருந்தால் அது குற்றமில்லையாம், விலையில்தான் கொஞ்சம் கம்மியாகுமாம். அந்த நிலையிலேயே விட்டிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பார்களாம். தேய்த்த பிறகு வாங்க ஆள் கிடையாதாம்.

அதைப் படித்தபோது என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பேரில் ஒரு குறையும் இல்லை. பயத்தில் அழித்தோமே, அதுதான் பையைக் கெடுத்தது. இதை ஆயம்மாளிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த மேடம் தகட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். "என் பையில உன் பேரா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான். திருடி என்ற பேச்சு நின்றது. ஆனால் பர்மிட்டில் மறுகையெழுத்து விழவில்லை. கொடுத்த பொருளில் வாங்கினவள் பேர் இருந்ததைத் தாங்க முடியாதவளுக்கு வயிற்றில் எப்படித்தான் சோறு இறங்குகிறதோ தெரியவில்லை. தீராத கோபம் எனக்கு.

கரும்பு வெட்டு நடக்கிற சமயத்தில் நிர்மலா வந்து சேர்ந்தாள். இப்போது அக்காவும் தங்கையும் ஒரே வேனில் ஏறித் தோட்டத்துக்குப் போகிறார்கள். புருஷன்காரன் இரண்டு தடவை வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனான். குழாயடியில் கேட்கவே வேண்டாம். சிங்கப்பூர்க்காரி என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். நிர்மலா தலையைக் குனிந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், அக்கா அந்தக் காலத்தில் வந்தது போலவே.

போன வாரம் ஆயம்மாள் பையோடு கடைக்கு வந்தாள். சின்னராசு அண்ணனிடம் போய்விட்டுத்தான் வந்திருந்தாள்.

"மறுபடியும் வெட்டச் சொன்னேம்மா. தகடு இளச்சிப் போச்சாம். ஊசி வச்சா பொத்துக்குமாம். முடியாதுன்ட்டாரு."

"அப்புறம் இன்னாக்கா செய்யலாம்?"

"ஒரு அட்டையில பேர எழுதி, தண்ணி பட்டாலும் போவாத மாதிரி கண்ணாடிக் காயிதம் போட்டுக் குடு. வாருல கட்டிக்கறேன்."

நல்ல தடித்த அட்டையாக எடுத்து, பெரிய எழுத்தில் 'நிர்மலா' என்று எழுதினேன். கமா போட்டேன். 'சி' எழுதப் பேனாவை வைத்தபோது, எழுத்துத் தெரியாத ஆயம்மாள் என் கையின் மேல் கையை வைத்தாள்.

"ஊரு வேணாம்மா," என்றாள். "பேரு மட்டும் போதும்."