இறால் தொக்கின் படம்

"எல்லாக் கறிக்கும் இந்தச் சாம்பல் நிறக் கிண்ணந்தானா?" ஆப் வழியாக மட்டும் சாப்பாடு விற்கும் லாஸ்பேட்டை கிளவுட் கிச்சனில் சமைக்கும் மார்ட்டின் கேலி செய்தான்.

"சும்மா இரு மார்ட்டின். ஆப்புல பாக்கும்போது எல்லாம் ஒரே சமையக்கட்டுலேர்ந்து வந்தாப்ல இருக்கணும்," என்றாள் மெனுவுக்குப் படமெடுக்கும் பூர்ணிமா.

"அப்ப என் கையயும் அளவெடுத்துக்க," என்று சிரித்து, இறால் தொக்கின்மேல் கறிவேப்பிலையைச் சாய்த்து வைத்தான்.

பிறகு அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். சாம்பல் கிண்ணங்கள் உடைந்தன. அதே வகை கடையில் இல்லை. வெள்ளைக் கிண்ணங்கள் வாங்கி, இடப்பக்க விளக்கை நகர்த்தாமல், எல்லாவற்றையும் பூர்ணிமா புதிதாக எடுத்தாள். இறால் தொக்கை மட்டும் தள்ளிப்போட்டாள். மெனுவில் அது ஒட்டாமல் நின்றது.

"அதயும் மாத்திடும்மா," என்றார் முதலாளி.

கறிவேப்பிலையை அவனைப்போலவே சாய்த்து வைத்து எடுத்தாள். புதுப்படம் ஏறியதும் பழையது மறைந்தது.

பிரான்சுக்குக் கிளம்பும்போது மார்ட்டின் கேட்டிருந்தது ஒன்றுதான்: "அந்தப் படத்த மட்டும் மாத்தாத பூர்ணிமா. அங்கேருந்து ஆப்புல தெறந்து பாப்பேன்."