மூணாவது கட்டுரை

பிளஸ் டூ வரலாறுல நான் ஃபெயிலானதுக்கு எங்க மிஸ்ஸோட கருநாக்குதான் காரணம்னு எங்க நைனா சாவுற வரைக்கும் சொல்லிகினு இருந்தாரு. நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். நைனாவுக்கு ஃபேக்டரியில இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பாஸானா டீச்சர் டிரெயினிங், இல்லேன்னா வேலூர்ல மாமா பையனுக்கு என்னைக் கட்டிக் குடுக்கறதுன்னு பேசி வெச்சிருந்தாங்க. மத்த பாடத்துல பயமில்ல. வரலாறுதான் கழுத்தறுத்துச்சு.

மாடல் பரீட்சை முடிஞ்சதும் மிஸ் நைனாவை வரச் சொன்னாங்க. என்னோட அரையாண்டு பேப்பரையும் மாடல் பேப்பரையும் மேஜைல பிரிச்சு வெச்சாங்க. இருபது மார்க் கட்டுரை மூணு. அரையாண்டுல பன்னெண்டு, பன்னெண்டு, மூணு. மாடல்ல பதிமூணு, பதினொண்ணு, ரெண்டு. சின்னக் கேள்விங்க ரெண்டு தடவையும் முப்பத்தெட்டு. இருநூறுக்கு எழுபது வந்தா பாஸ். இப்படியே போனா பப்ளிக்லயும் அறுபத்தஞ்சு பக்கம்தான் வரும், திருத்துறவங்களைப் பொறுத்து ரெண்டு மூணு முன்னபின்ன ஆவும்னாங்க.

"கவனிங்க சார். ரெண்டு தடவையும் மூணாவது கட்டுரை வேற வேற பாடம். எதைக் கடைசியா எழுதறாளோ அதுதான் போவுது. இவளுக்குப் படிப்பு பத்தாம இல்ல, நேரம் பத்தல."

அதனால இனிமே மனப்பாடம் வேணாம், கடிகாரத்தை வெச்சுகினு எழுதட்டும், ஒரு கட்டுரைக்கு நாப்பது நிமிஷம், பாதியில இருந்தாலும் அடுத்ததுக்குப் போவட்டும்னாங்க. பதிமூணைப் பதினஞ்சாக்க மெனக்கெடறத வுட, ரெண்டை எட்டு ஒம்போதாக்கறது சுலபம், அது போதும் பாஸாவன்னாங்க.

நைனா தலையத் தலைய ஆட்டிட்டு வந்தாரு. ஊட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சாரு. தெரிஞ்சத எழுதாத நிறுத்துன்னு எந்த டீச்சராவது சொல்லுவாளான்னாரு. அவர் வேலையில எந்தப் பீஸ் ரிஜெக்டோ அதைத்தான் திருப்பி வேலை செய்வாங்களாம். மாடல்ல ரெண்டு வாங்குனது பிரெஞ்சுப் புரட்சி. அதைத் தெனம் விடியகாலைல நிக்க வெச்சு ஒப்பிக்கச் சொன்னாரு. எழுத உக்காந்தா, "மொதல்ல சொல்லு, அப்பறம் எழுதலாம்."

பப்ளிக்ல பிரெஞ்சுப் புரட்சி வந்துச்சு. அத்தனையும் வாயில நிக்குதே, எப்படி நிறுத்தறது? மொதல்ல அதைத்தான் எழுதுனேன், பக்கம் பக்கமா. ரெண்டாவது முடிச்சு மூணாவதுல நாலு வரி போவல, மணி அடிச்சிட்டாங்க. பேப்பரைப் புடுங்கும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அறுபத்தாறு வந்துச்சு.

மிஸ் ஊட்டுக்கே வந்தாங்க. செப்டம்பர்ல இந்த ஒரு பேப்பர் எழுதினா போதும், எழுத்துப் பழக்கம் மட்டும் நான் குடுக்கறேன்னாங்க. நைனா வாசல்லயே நிக்க வெச்சு, "நீங்க வாய வெச்சதுதான் பலிச்சுது, போதும்மா,"ன்னு கதவைச் சாத்துனாரு. உள்ள நின்னுகினு நான் அழுதேன், கதவைத் தொறக்கத் துணிச்சல் வரல.

ஆவணியில கல்யாணம். செப்டம்பர்ல வரலாறு பேப்பர் நடந்த காலைல நான் வேலூர்ல மாமியார் ஊட்ல பத்துப் பேருக்கு அரிசி களைஞ்சுகினு இருந்தேன்.