வரிசைக்கு எவ்வளவு போடுவது

அக்காவின் கையை உடைத்தவனை நான் ஐஸ் வாரும் ஷவலால் அடித்தேன். தலைக்குத்தான் குறிவைத்தேன், தோளில் விழுந்தது. போலீஸ்காரர் கேட்டபோது தள்ளுமுள்ளில் ஷவல் கைதவறி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். இன்னொரு முறை ஓங்கியிருப்பேன், யாரோ பின்னாலிருந்து என் முடியைப் பிடித்து இழுத்ததால் விட்டேன்.

நான் காரைக்காலில் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவள். குரும்பகரத்தில் நெல் விளைவிக்கும் வீட்டுப் பெண். கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அதுவரை என் கோபமெல்லாம் வவுச்சர் கொண்டுவராதவர்களோடு சரி. ஒரு மனிதன் மேல் இரும்பை ஓங்கும் அளவுக்குக் கொண்டுபோய் விட்டது ஒரு பட்ஜெட். அதைப் போட்டதும் நான்தான்.

ஒரு மீனவக் கிராமத்தில் வலைக்கூடத்தின் ஒரு பாதியில் ஐஸ் மெஷின் வைத்திருந்தோம். விடியற்காலையில் மீன் எடுக்கும் பெண்கள் அங்கே வந்து, நாங்கள் கொடுத்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டு பூவம், போலகம் என்று பக்கத்து ஊர்களுக்கு விற்கப் போவார்கள். முன்பெல்லாம் மதியத்துக்குமேல் மிஞ்சிய மீனை வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. இப்போது மறுநாளுக்கு நின்றது. சோதனை முயற்சி ஒரு வருடம். அந்த வருடத்தில் மெஷின் ஒரு நாள்கூட மூடிக் கிடக்கவில்லை என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம்.

மூடாமல் பார்த்துக்கொண்டது அக்கா, கூடப் பிறந்தவள் இல்லை, அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். ஐம்பதைத் தாண்டியவள், தானும் மீன் விற்பவள். வரிசையை அவள்தான் நிறுத்துவாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய தலைக்கூடைக்காரிகள் முன்னால், பிறகு வண்டி வைத்திருப்பவர்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் அவளுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள், சம்பளம் கிடையாது. "ஏ பாப்பா, ஒதுங்கி நில்லு, ஐஸு மேல நிக்கிற" என்று என்னையே விரட்டுவாள்.

நிதி தருபவர்கள் சென்னையிலிருந்து கேட்டது எளிமையான கேள்வி. இதை ஏழு இடங்களில் செய்தால் ஒரு இடத்துக்கு என்ன ஆகும்? முதல் இடத்தைவிடக் குறைவாக ஆனால்தான் தருவோம் என்றார்கள்.

நான் இரண்டு பத்தி போட்டேன், இறங்குவது ஒன்று, ஏறுவது ஒன்று. மெஷினும் பெட்டியும் மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். பயிற்சிப் பாடம் ஒருமுறை தயாரித்தாயிற்று, அந்தச் செலவு ஏழாகப் பிரியும். ரிப்பேருக்கு ஒவ்வொரு முறையும் வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்தோம். ஏழு இடம் என்றால் ஒரு மெக்கானிக்கை மாதச் சம்பளத்துக்கே வைக்கலாம், தலைக்கு அதுவும் இறங்கும். ஏறுவது மறுபக்கம். எல்லா ஊரிலும் மும்முனை மின்சாரம் பக்கத்தில் இருக்காது, கம்பம் நட்டு இழுக்க வேண்டும். கடலை ஒட்டிய இடங்களில் தண்ணீர் உப்பு, சுத்திகரிக்க வேண்டும். எல்லா ஊரும் இலவசமாகக் கூடம் தராது. ஒரு மேற்பார்வையாளரால் மூன்று நான்கு இடங்களுக்குமேல் பார்க்க முடியாது, ஐந்தாவது இடம் வந்ததுமே இரண்டாவது ஆளுக்கு முழுச் சம்பளம். முதல் இடத்துக்கு நூறு ரூபாய் ஆனது என்று வைத்துக்கொண்டால், ஏழில் ஒவ்வொன்றுக்கும் எண்பத்தாறு என்று வந்தது. எனக்கு அன்று ரொம்பப் பெருமை.

வரிசை பார்ப்பது என்ற வரியில் பூஜ்யம் போட்டேன். முதல் இடத்தில் பூஜ்யம், ஆகவே ஏழு பூஜ்யமும் பூஜ்யம்தான்.

அனுப்புமுன் எங்கள் இயக்குநர் நல்ல புத்தியோடு ஒன்று சொன்னார். "காகிதத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒரு எடத்துல பத்து நாளு ஓட்டிப் பாத்துட்டு அனுப்புவோம்." ஆற்றின் வடகரை, தென்கரை என இரண்டு ஊர்ப் படகுகளும் ஒன்றாகக் கரையேறும் ஓர் இடத்தில் வாடகை மெஷினை வைத்தோம். வரிசைக்கு அக்காவையே கூட்டிப்போனோம். அவள் முதலில் வரமாட்டேன் என்றாள்.

"எங்க ஊருல எஞ்சொல்லு ஊருச்சொல்லு. அங்க நான் யாரு?"

"பத்து நாளுதான் அக்கா" என்று கெஞ்சியது நான்தான்.

நான்காம் நாள் விடியும்போது நான் அங்கே இருந்தேன், மின்மீட்டர் குறித்துக்கொள்ளப் போனவள். உப்புத் தண்ணீரைச் சுத்திகரிக்க நேரம் பிடித்ததால் ஐஸ் பாதிதான் விழுந்திருந்தது. வடகரை ஊர்ப் பெண்கள் தாங்கள்தான் முதல் என்றார்கள். தென்கரைக்காரிகள் அக்கா போட்ட வரிசைப்படி தலைக்கூடைதான் முதல் என்றார்கள். ஒரு கூடை பறந்தது. பிறகு எது முதலில், எது பின்னால் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஒருத்தியின் காதுத் தோட்டைப் பிடித்து இன்னொருத்தி இழுத்தாள், காது மடல் கிழிந்து தொங்கியது. ஐஸ் மேல் ரத்தம் சொட்டியது. சத்தம் கேட்டு இரண்டு ஊர் ஆண்களும் படகிலிருந்து துடுப்போடு குதித்தார்கள். ஒருவன் வாயிலிருந்து பல் விழுந்ததைப் பார்த்தேன். அவன் குனிந்து அதைத் தேடினான், தேடியவன் முதுகில் இன்னொருவன் மிதித்தான்.

அக்கா மெஷின் கதவின் முன் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "அடிக்கிறதா இருந்தா என்ன அடிங்கடா, மெஷின தொடாதீங்க!" மினி லாரி வைத்திருந்த ஒரு வியாபாரி துடுப்பை ஓங்கி அவள் வலக்கையில் போட்டான். காய்ந்த விறகு முறியும் சத்தம். அப்போதுதான் நான் ஷவலை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இளம்பெண், தூக்கமில்லாத கண்.

"முன்னங்கையில ரெண்டு எலும்பும் போயிருக்கு. ப்ளேட் வைக்கணும்" என்றார். பிறகு விரலைக் கீழே கொண்டுபோனார். "இது என்ன? மணிக்கட்டு ஏற்கெனவே ஒடைஞ்சு கோணலா கூடியிருக்கு. ஆறேழு மாசம் இருக்கும். கட்டே போடலியா?" மார்பு எக்ஸ்ரேயிலும் இரண்டு விலா எலும்பு அப்படியே, பழைய முறிவு.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

மழைக்கு முன்னால் ஒருநாள் அவள் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு வழுக்கி விழுந்தேன் என்றாள். ஐஸ் கொட்டிய தரைதானே என்று நம்பினேன். நம்பினேன் என்பதுகூடச் சரியில்லை. எனக்கு அன்று மீட்டர் குறிக்கும் அவசரம்.

"யாரு அக்கா?"

"ஒருக்கா படகுக்காரன் ஆளு. ஒருக்கா எந் தங்கச்சி மவனே. மொத ஆளா வேணும்னான், குடுக்கல. மெதிச்சான்."

"ஊருல சொல்லியிருக்கலாமே? பஞ்சாயத்து அவனுக்கு அபராதம் போட்டிருக்குமே?"

அவள் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "வழக்கு ஊருக்குப் போனா, தீருற வரைக்கும் அந்த எடத்த பூட்டி சாவிய தலைவரு வச்சுக்குவாரு. அதான் எங்க வழக்கம். படகு தகராறுன்னா படக கட்டிப்போடுவாங்க. ஒங்க மெஷினு இருவது நாளு பூட்டிக் கெடந்தா நீங்க என்ன எழுதியிருப்பீங்க? இங்க சரிப்பட்டு வரலன்னு எழுதி தூக்கிட்டுப் போயிருப்பீங்க. அறுவது பொம்பளைங்க பொழப்பு அது."

ஒரு நாள்கூட மூடவில்லை. அந்தத் தடித்த எழுத்து எப்படி வந்தது என்று அப்போது புரிந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று மதியமே உட்கார்ந்து பட்ஜெட்டைத் திருத்தினேன். ஒவ்வொரு இடத்துக்கும் வரிசை பார்க்க இரண்டு பேர், இரண்டு ஊர் சேருமிடத்தில் ஊருக்கு ஒருவர், சம்பளத்தோடு, விபத்துக் காப்பீட்டோடு. எண்பத்தாறு நூற்றைந்து ஆனது. நூறைத் தாண்டினால் பணம் கிடையாது.

இயக்குநர் கோப்பை மேசையில் அறைந்தார். "நூத்தஞ்சா? அப்ப ஏழு ஊருக்கும் ஒண்ணுமே இல்லாம பண்ணப்போறியாம்மா?"

"இல்ல சார். மொத எடத்துக் கணக்கே தப்பு. அங்கயும் இந்த ரெண்டு பேரு சம்பளத்தப் போடுங்க. நூறு இல்ல, நூத்திப் பத்தொம்பது. அதவிட நூத்தஞ்சு கொறைவுதானே?"

"வெற்றின்னு நாமளே எழுதிக் குடுத்த அறிக்கைய நாமளே பொய்யின்னு சொல்றதா? அப்புறம் நம்மள எவன் நம்புவான்?"

"அக்கா விலா எலும்புலதான் சார் நம்ம வெற்றி நின்னுச்சு!"

கத்தியது போதவில்லை. கையருகே இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தேன். அவர் காதோரம் போய்ச் சிதறியது. பக்கத்து அறைப் பெண் ஓடிவந்து வாசலில் நின்றாள். இயக்குநர் என்னை வேலையைவிட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன், போகத் தயாராகத்தான் இருந்தேன். அவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். விரலை வெட்டிக்கொண்டார். வெட்டிய விரலை வாயில் வைத்துக்கொண்டு, "எக்ஸ்ரே காப்பி இருக்கா?" என்று கேட்டார்.

சென்னைக்காரர்களோடு வீடியோ அழைப்பில் அவரே பேசினார். எங்கள் அறிக்கையில் ஒரு செலவு விடுபட்டிருந்தது, அதை ஒரு பெண் அடிவாங்கித் தன் உடம்பால் ஈடுகட்டினார் என்றார். அவர் தலை குனிந்திருந்தது, குரல் குனியவில்லை. எதிர்ப்பக்கம் இருந்த நிதி அதிகாரி அம்மா எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஏழில் நான்கு இடங்களுக்கு முதலில் தருகிறோம், வரிசைக்கான வரியைத் தொடவேண்டாம் என்றார். ஏழாகப் பிரிய வேண்டிய செலவுகள் நான்காகவே பிரிந்ததால் கொஞ்சம் ஏறி ஒரு இடத்துக்கு நூற்றுப் பத்து ஆனது. அதற்கும் சரி என்றார்கள்.

உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு சந்தோஷம். அவள் வலக்கையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் வீங்கி, கூடையைப் பிடிக்க மடங்கவில்லை. இனிமேல் மடங்குமா என்பதை டாக்டரும் சொல்லவில்லை. முதல் இடத்துக்கும் சம்பளம் போட்டாயிற்று, அதில் ஒன்று உங்களுக்கு என்று சொன்னேன். மாதம் எவ்வளவு என்றும் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். மனதுக்குள் கணக்குப் போடுகிறவள் முகம் எனக்குத் தெரியும்.

"போன வருசத்துக்கு?"

"பட்ஜெட் உத்தரவு போட்ட தேதிலேர்ந்துதான் அக்கா. அதுக்கு முன்னாடி போட முடியாது."

"அப்ப வாங்குன அடி வாங்குனதுதான்" என்றாள்.