பொறுப்பு என்ற கட்டத்தில் யார் பெயர்?

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் முதலில் சீலைப் பார்ப்பேன். பேருந்தில் பக்கத்தில் இருக்கிறவர் தூங்கினால்கூட, நிஜமாகவே தூங்குகிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பேன். அப்படிப்பட்டவளுக்கு, சென்னையிலிருந்து எங்கள் அரிசிக் கம்பெனிக்கு வந்த புது மார்க்கெட்டிங் லீட், இரண்டாவது வாரமே ஒரு செய்தி அனுப்பினார். திங்கட்கிழமை காலை எல்லாரும் மாடிக்கு வரவேண்டும், இந்த மூன்று மாதத்துக்கு சோஷியல் மீடியாவில் எது முக்கியம், எதை வைத்து வெற்றி என்று சொல்வோம் என்பதைப் பேசப்போகிறோம் என்று. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் ஓர் அரிசி ஆலை. அதன் மாடியில் ஓர் அறை. கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என்று பாக்கெட் போட்டு இணையத்தில் விற்கிறோம். வீடியோ எடுக்கிற அண்ணன் ஒருவர், விளம்பரமும் ஆர்டரும் பார்க்கிற அக்கா ஒருவர், அப்புறம் நான். பதிவு எழுதுவதும், வாட்ஸப்பிலும் கமெண்டிலும் கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. அனந்தபுரத்திலிருந்து பேருந்தில் வந்து நாலு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்தச் செய்தி வருவதற்கு முந்தின நாள் லீட் மேடம் படிக்கட்டில் நின்று போனில் பேசியது என் காதில் விழுந்தது. "பதில் சொல்ற வேலைய ஏஜென்சிக்கே குடுத்துடலாம்." அவ்வளவுதான் கேட்டேன். அது போதும். நாளில் பாதிக்கு மேல் நான் பதில் எழுதுவதில்தான் கழிக்கிறேன். அதை எடுத்துவிட்டால் வாரத்துக்கு நாலு பதிவு மிஞ்சும். நாலு பதிவுக்கு முழுச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ள முதலாளி என்ன எனக்கு மாமாவா?

இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. பதிவு போட்ட உடனே நான் ஒரு வாட்ஸப் குழுவில் "போட்டாச்சு, தட்டுங்க" என்று எழுதுவேன். ஆலையில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டார், லாரி ஓட்டுகிறவர்கள், முதலாளியின் சம்பந்தி வீடு வரைக்கும் எல்லாரும் பத்து நிமிஷத்துக்குள் லைக் தட்டி, "அருமை", "சூப்பர்" என்று கமெண்ட் போட்டுவிடுவார்கள். ஆரம்பித்து வைத்தது முதலாளி. கல்யாண வீட்டில் மொய் வைக்கிற மாதிரி அதை அவர் கண்டிப்பாக எதிர்பார்த்தார். அந்தக் குழுவில் என் நைனாவும் இருந்தார். ஒரு பதிவைக்கூட அவர் விட்டதில்லை. போன வாரம் லீட் மேடம் தன்னையும் அந்தக் குழுவில் சேர்க்கச் சொன்னார். சேர்ந்தார், ஒரு வார்த்தை எழுதவில்லை. வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை மாடியில் ஐந்து நாற்காலி. முதலாளி சுவர் ஓரமாக உட்கார்ந்தார். வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் போட்டிருந்தது: வேலை, அளவு, பொறுப்பு. மேசையில் மேடம் பக்கமாக ஒரு கத்தைக் காகிதம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கவிழ்த்து வைக்கிற காகிதத்தில் நல்லது எழுதியிருக்காது என்பது என் அனுபவம்.

மேடம் நன்றாகவே பேசினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மூன்று மாதமும் எல்லாவற்றையும் துரத்தப் போவதில்லை, மூன்றே மூன்று விஷயம் என்றார். முதலாவது, நம்மைத் தெரியாதவர்களிடம் போய்ச் சேர்வது. நம் பக்கத்தைப் பின்தொடராதவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் அதற்கு அளவு. இரண்டாவது, இந்த அரிசியை எப்படி ஊறவைப்பது, எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில் என்று உபயோகமான வீடியோ. எத்தனை பேர் அதைச் சேமித்து வைத்தார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள் என்பது அளவு. மூன்றாவது, கேட்கிறவர்களுக்குப் பதில். வேலை நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போகவேண்டும், கேட்டவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று வாரா வாரம் பார்க்கவேண்டும். போன மூன்று மாதத்தில் எங்கே நின்றோம் என்பதை முதலில் எடுத்துவைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் இலக்கு வைப்போம் என்றார்.

"அப்ப லைக்கு?" என்று முதலாளி கேட்டார்.

லைக்கும் பின்தொடர்பவர் எண்ணிக்கையும் அறிக்கையில் இருக்கும், ஆனால் அதை வைத்து யாரையும் பாராட்டவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன் என்று மேடம் சொன்னார். சொல்லிவிட்டு டிவியில் போன மாதப் பதிவு ஒன்றைப் போட்டார். எங்களிலேயே அதிக லைக் வாங்கிய பதிவு. கமெண்டுகளை வரிசையாகக் கீழே இறக்கினார். அருமை. சூப்பர். அருமை. கும்பிடுகிற கை. பிறகு, பச்சைத் துண்டும் மீசையுமாக என் நைனாவின் முகம், பெரிய டிவியில்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. இதில் எத்தனை பேரை நமக்குத் தெரியும் என்று மேடம் கேட்டார். வீடியோ அண்ணன் தரையைப் பார்த்தார். எல்லாரையும் தெரியும்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. பதிவு போட்ட உடனே யார் தட்டுகிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் அடுத்து யாருக்குக் காட்டலாம் என்று சோஷியல் மீடியா செயலி முடிவு செய்கிறது என்றார். தட்டுவது எல்லாம் நம் சொந்தக்காரர்கள் என்றால், அது அவர்களைப் போன்றவர்களையே தேடிப் போகிறது. போதாக்குறைக்கு, நம் பக்கத்தில் லைக் தட்டியவர்களையே திரட்டி அவர்களுக்குத்தான் விளம்பரம் காட்டியிருக்கிறோம். "வீட்டுலயே மூட்டை வச்சிருக்கறவங்களுக்கு அரிசி விளம்பரம் காட்டியிருக்கோம். இன்னையிலேர்ந்து நம்ம பதிவ நாமளே தட்டக் கூடாது."

சரியாக அந்த நேரத்தில், நான் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்த அன்றைய பதிவு வெளியானது. அறையில் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன. முதலாளியின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் திரைக்குப் போய் வந்ததை எல்லாரும் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிக்கிற நிலைமையும் இல்லை, ஏனென்றால் மேடம் அப்போது பலகையின் மூன்றாவது கட்டத்தில் பெயர் எழுத ஆரம்பித்திருந்தார்.

முதல் வேலைக்கு அக்கா பெயர். இரண்டாவதற்கு அண்ணன் பெயரும் என் பெயரும். மூன்றாவது வேலைக்கு நேராகக் கட்டம் காலியாகவே இருந்தது. மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "அதுக்கு ஆளு?" என்று கேட்டேன்.

மேடம் முதலாளியை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் சாரோட பொண்ணுதான பதில் சொல்லிட்டு இருந்தாங்க? அவங்களுக்குக் கல்யாணம் ஆகப்போகுது, இனிமே முடியாதுன்னாரு. அதான் ஏஜென்சிகிட்ட பேசிட்டு இருக்கேன்."

முதலாளியின் மகள் சென்னையில் படிக்கிறது. தீபாவளிக்கு வந்தால் மாடிக்கு ஏறி வந்து ஏசியில் உட்கார்ந்துவிட்டுப் போகும். அது ஒரு நாளும் ஒரு வரி பதில் எழுதி நான் பார்த்ததில்லை. இரண்டு வாரமாக நான் மேடத்தின் நடையை, போனை, கவிழ்த்த காகிதத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷமாக எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்த மனிதரை ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

"அந்தப் பதிலு எல்லாம் நான் எழுதனது," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

முதலாளி செருமினார். வீட்டு ஆளே பதில் சொல்கிறார்கள் என்றால் வாங்குகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வரும் என்று எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தாராம், அதே பழக்கத்தில் மேடத்திடமும் சொல்லிவிட்டாராம். "அதுல இன்னா இருக்குது," என்று முடித்தார்.

மேடம் என்னைப் பார்த்து, பெங்களூரில் ஓர் அம்மா கவுனி வேகவே இல்லை என்று கோபப்பட்டார்களே, அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். சோதிக்கிறார் என்று தெரிந்தது. சோதிக்கட்டும். அந்த அம்மா ஊறவைக்காமல் குக்கரில் போட்டதை, முந்தின ராத்திரியே ஊறப்போடச் சொன்னதை, மாமியாருக்குப் பல் இல்லாததால் இப்போது உடைத்துக் கஞ்சியாக வைக்கிறதை, மாதாமாதம் தவறாமல் வாங்குவதை எல்லாம் சொன்னேன். அக்கா, ஆமாம், அந்த ஆர்டர் வருகிறது என்று தலையாட்டினார்.

மேடம் கவிழ்த்து வைத்த காகிதக் கத்தையைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். மேல் தாளில் பெங்களூர் அம்மாவுக்கு நான் எழுதிய பதில். அதற்கடுத்தது சர்க்கரை உள்ளவர் சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியது. பக்கம் பக்கமாக என் எழுத்து. ஒவ்வொன்றின் மேலேயும், இப்படித்தான் எழுதவேண்டும் என்று ஏஜென்சிக்கு மேடம் குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

"நான் முதல்லயே உங்கள கேட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டு மேடம் எழுந்துபோய், காலிக் கட்டத்தில் என் பெயரை எழுதினார். முதலாளி எழுந்து கீழே நெல் லாரி வந்துவிட்டது என்று போனார். லாரி எதுவும் வரவில்லை, நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எல்லாரும் போனபிறகு பலகையைப் போட்டோ எடுத்தேன். அழித்துவிட்டால்? மேடத்தையும் முழுசாக நம்ப நான் தயாராக இல்லை, ஏஜென்சி என்று சொன்ன வாய் இன்னொரு தடவை சொல்லாது என்று என்ன நிச்சயம்? அடுத்து அந்தக் குழுவில், இனிமேல் யாரும் தட்டவேண்டாம் என்று எழுதினேன்.

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது நைனா போன் பண்ணினார். அவர் ஏதோ தப்புச் செய்துவிட்டார் என்று நினைத்திருந்தார். தப்பில்லை, நம் ஆட்கள் தட்டினால் வெளியாட்களுக்குப் போய்ச் சேராது என்று விளக்கினேன். அதற்கு நைனா கேட்டார்:

"நீ எழுதனத நான் பாத்தன்னு அப்பறம் உனுக்கு எப்டி தெரியும்?"

பதில் சொல்வதுதான் என் வேலை. போனை வைத்துவிட்டு, பலகையின் போட்டோவை அவருக்கு அனுப்பினேன். மூன்றாவது கட்டம், கடைசி வரிசை, உன் பெண் பெயர் இருக்கிறது பார் என்று எழுதினேன். பேருந்து கிளம்பும் வரை பதில் இல்லை. செஞ்சி ஊரெல்லை தாண்டும்போது வந்தது.

"இதுக்குத் தட்டலாமா, கூடாதா?"