சாவி யாரிடம் இருக்க வேண்டும்

மிளகு அரைக்கும் அறைக்குள் நுழைகின்ற எவரும் முதலில் தும்முவர். மாத்தளைக்கு அருகிலுள்ள அந்தத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் என் உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்த எனக்கும் அந்த வழக்கத்திலிருந்து விலக்குக் கிடைத்ததில்லை. ஓய்வு பெற்ற பின்னரும் தமிழில் எழுத வேண்டிய அலுவல் எதுவும் வந்தால் என்னை அழைப்பார்கள். பள்ளிக்கூடம் எனக்குத் தந்தது சொற்பம். மிகுதியை நானாகவே படித்துச் சேர்த்துக்கொண்டேன். ஆகையால் அழைப்பு வரும்போதெல்லாம் சலவை செய்த சட்டையை அணிந்து, பேனாவை இரண்டு முறை சோதித்துவிட்டு, இரத்தோட்டை வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பேன்.

இம்முறை அழைப்புக்குக் காரணம் ஒரு விபத்து. அரைக்கும் இயந்திரத்தை இயக்குகின்ற பெண், அதன் சல்லடையைச் சுத்தம் செய்வதற்காக மூடியைத் திறந்திருந்த வேளையில் இயந்திரம் சுழன்றுவிட்டது. வலது கைச் சுட்டுவிரலின் நுனி போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, காயம் ஆறி, வருகின்ற திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவிருந்தாள். பொதி கட்டும் பகுதிக்கு மாற்றித் தருவதாக நிர்வாகம் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். தன்னுடைய இயந்திரமே வேண்டும் என்றாள். ஆனால் அதன் அருகே நிற்க இயலுமா என்பது அவளுக்கே தெரியவில்லை. தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழிருந்த வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளிப் பிறந்தவள் அவள். அந்தத் தயக்கத்தை வேறெவரிடமும் சொல்லாமல் என் மனைவியிடம் மாத்திரம் சொல்லியிருந்தாள்.

விபத்து நிகழ்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் மேல் ஒரு திருகு சுவிட்ச் உண்டு. அறைக்கு வெளியே, நடைபாதைச் சுவரில், மெயின் சுவிட்ச் உண்டு. தேநீர் வேளையில் எல்லோரும் வெளியேறும்போது சுவரிலுள்ளதை மாத்திரம் அணைப்பார்கள். இயந்திரத்தின் சுவிட்ச் ஓடும் நிலையில் திருகியபடியே கிடக்கும். திரும்பி வருகிறவர்களில் முதலாமவர், பின்னால் வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சுவரிலுள்ளதைப் போட்டு வைப்பார். எவரும் கட்டளையிட்டு வந்த பழக்கமல்ல. அன்பினால் வந்த பழக்கம். அன்றைய தினம் அவள் தேநீருக்குப் போகாமல் சல்லடையில் அடைத்திருந்த தூளை எடுக்க நின்றுவிட்டாள். முதலாவதாகத் திரும்பி வந்தவர் பொதி கட்டும் பகுதியில் நெடுங்காலமாக வேலை செய்கின்ற, எல்லோரும் நானா என்று அழைக்கின்ற முஸ்லிம் பெரியவர். அவர் சுவிட்சைப் போட்டார். மின்சாரம் வந்ததும் இயந்திரம் தானாகச் சுழன்றது.

அந்த நாளுக்குப் பின்னர் நானா அந்த நடைபாதையால் போவதில்லை. சுற்றிக்கொண்டு, மழையிலும், பின்வாசலால் வருவார்.

தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான பெண் அதிகாரி யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எல்லோருக்கும் அவர் மிஸ். மின்சாரம் திரும்பினாலும் தானாக ஓடாத புதிய சுவிட்சுக்கு அவர் எழுதிக் கேட்டிருந்தார். அது வந்து சேரும்வரை காத்திருக்காமல், சுத்தம் செய்யும் செயன்முறையைத் திருத்தி எழுதுவதற்காகவே என்னை அழைத்திருந்தார். பழைய தமிழ்ப் பிரதி தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அதனை நான் உரக்க வாசித்தேன்:

“மின் இணைப்பு முறையாகத் துண்டிக்கப்பட்டு, சுழற்சி ஓய்ந்த நிலையில், சல்லடையானது தக்க கவனத்துடன் அகற்றப்பட்டுச் சுத்திகரிக்கப்படுதல் வேண்டும்.”

அந்த வாக்கியத்தின் நடை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

“வடிவாத்தான் இருக்குது ஐயா,” என்றார் மிஸ். “ஆனா ஆர் துண்டிக்கிறது? எந்தச் சுவிட்ச்? ஓய்ஞ்சிட்டுது எண்டு எப்பிடித் தெரியும்? ஒரு வசனத்துக்குள்ள நாலு வேலை கிடக்குது. கையில தூளோட நிக்கிற பிள்ளை எதை முதல்ல செய்யிறது?”

“மரியாதையாக எழுதியிருக்கிறார்கள், மிஸ். போடு, எடு என்று பெண்பிள்ளைகளை ஏவுவது போல எழுதுவது எப்படி?”

“ஏவுங்கோ ஐயா. நல்லா ஏவுங்கோ.”

இரண்டு நாட்கள் எழுதினேன். ஒரு படிக்கு ஒரு செயல். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். எச்சரிக்கை செயலுக்கு முன்னர் வரவேண்டும், பின்னர் வருதல் ஆகாது. “தக்க கவனத்துடன்” என்பதை மிஸ் வெட்டினார். கவனம் என்பது எந்தக் கையால் செய்கிற வேலை என்று கேட்டார். “சுழற்சி ஓய்ந்த பின்னர்” என்பதற்குப் பதிலாக, மூடியிலுள்ள கண்ணாடித் துவாரத்தால் பார்க்கவும், உள்ளே சுழல்தண்டு நின்றிருக்க வேண்டும் என்று எழுதினோம். மெயின் சுவிட்சின் பிடியில் துவாரம் இருந்தது. அணைத்த சுவிட்சை எவரும் மீண்டும் போட முடியாதபடி, அதில் ஆமைப்பூட்டுப் போடும் படியைச் சேர்த்தோம். சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்ளலாம் என்று நான் எழுதியிருந்தேன்.

“சுழலுற மிசினுக்குப் பக்கத்தில சேலைத் தலைப்போ!” என்று மிஸ் தலையில் கை வைத்துச் சிரித்தார். அந்த வரியும் போயிற்று. அதற்குப் பதிலாக, சாவியை மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்கவும் என்று எழுதினேன். களஞ்சியத்தில் எந்தச் சாவியும் இரவு தங்குவது அதிகாரியின் மேசைக்கு மேலிருந்த ஆணியில்தான். எனக்கு வேறு ஒழுங்கு தெரியாது. மிஸ்ஸும் அதைக் கவனியாமல் தாண்டிப் போய்விட்டார்.

எழுதியது சரியா என்று பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் படிகளை வாசிப்பார். மற்றவர் வாசித்ததை மாத்திரம் செய்வார், தெரிந்ததைச் செய்யக் கூடாது. அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே எழுத்தில் பிழை. எழுதியவன் வாய் திறக்கலாகாது.

திங்கட்கிழமை அவள் வந்தாள். தொப்பிக்குள் கூந்தலைச் செருகி, ஏப்ரனைக் கட்டி, வலது கையை அதன் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். வாசிப்பது யார் என்ற கேள்வி வந்தது.

“நானா வாசிக்கட்டும்,” என்றாள் அவள்.

பின்வாசலில் நின்றிருந்த நானா தலையை ஆட்டி மறுத்தார். “எனக்கு ஏலாது தங்கச்சி. வேற ஆள் பாருங்க.”

“நீங்க தானே நல்லா சத்தமா வாசிப்பீங்க. ஒவ்வொரு நாளும் பேப்பரைப் படிச்சி எங்க காதை ஓட்டை போடுற ஆளு! வாங்க.”

அவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் முன் அவள் போய் நின்றதும், காகிதத்தைக் கண்ணருகே பிடித்தார்.

“ஒண்டு. மிளகு போடுறதை நிறுத்தவும்.” நிறுத்தினாள். “ரெண்டு. உள்ள இருக்கிற தூள் முழுக்க வெளியே வந்து முடியும் வரை ஓட விடவும்.” ஓட விட்டாள். “மூணு. இயந்திரத்து மேல இருக்கிற சுவிட்சை பூச்சியத்துக்குத் திருகவும்.” பைக்குள்ளிருந்த கை வெளியே வந்தது. நுனியில்லாத விரலை மடித்து, மற்ற விரல்களால் திருகினாள். தண்டு நின்றதைத் துவாரத்தால் பார்த்தாள். நடைபாதைக்குச் சென்று மெயின் சுவிட்சை அணைத்தாள். சிவப்பு நிறம் பூசிய ஆமைப்பூட்டைப் பிடியில் மாட்டிப் பூட்டினாள்.

“ஏழு. சாவியை மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்கவும்.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். அரைக்கும் பகுதியின் மேற்பார்வையாளர் அன்று மாத்தளை நகரத்துக்குப் போயிருந்தார். வாசித்ததைத்தான் செய்யவேண்டும் என்பது சட்டம். ஆகவே அவள் சாவியோடு நின்றாள். அவளுடைய முகம் மெல்ல மாறியது. கை மூடியது.

“அவரு வேற யாருகிட்டயாவது குடுத்துட்டாருன்னா?” என்றாள், எவரையும் பாராமல். “நான் உள்ள கையை வச்சிருக்கப்ப?”

மிஸ் பேனாவை எடுத்தார். அதற்குள் நானா காகிதத்தைத் தாழ்த்திவிட்டார்.

“குடுக்காத தங்கச்சி,” என்றார். “எனக்கும் குடுக்காத. ஒருத்தருக்கும் குடுக்க வேணாம். நீயே வெச்சிக்கோ.” அவளுடைய மூடிய கையைக் காட்டினார். “அண்டைக்கு அது ஒன் கையில இருந்திருந்தா, நான் எப்பிடிப் போட்டிருப்பேன்?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நானா, நீங்க வேணும்ன்னா போட்டீங்க? எங்களுக்கு லேசா இருக்கட்டும்ன்னு தானே.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் துடைத்தார், துடைப்பதற்கு எதுவும் இல்லாதபோதும்.

மிஸ் என்னிடம் காகிதத்தை நீட்டினார். நான் ஏழாம் படியை அடித்துவிட்டு எழுதினேன்: சாவியை உன் ஏப்ரன் பைக்குள் போடு. வேலை முடியும் வரை எவரிடமும் கொடுக்காதே. ஒருமையில் எழுதியதைப் பின்னர் பன்மையாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் வந்தது. அவள் சாவியைப் பைக்குள் போட்டாள். வெளியிலிருந்து ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“எட்டு. இயந்திரத்தின் சுவிட்சை ஒண்டுக்குத் திருகவும்.”

அவள் நகரவில்லை. “ஓட வைக்கவா சொல்லுது?”

வாய் திறக்கலாகாது என்ற விதியை நான் மீறவில்லை, மிஸ் மீறினார். “ஓடாது பிள்ளை. பூட்டு உண்மையாப் பிடிச்சிருக்குதோ எண்டு பாக்கிறதுக்குத்தான். அதை முதல்ல சொல்லியிருக்க வேணும்.” எட்டாம் படிக்கு மேலே நான் உடனே எழுதினேன்: கவனி, இது சோதனை. இயந்திரம் ஓடக் கூடாது. ஓடினால் சுவிட்சைப் பூச்சியத்துக்குத் திருகு, மூடியைத் திறக்காதே, மேற்பார்வையாளரைக் கூப்பிடு.

நானா அதனை வாசித்தார். பிறகு படியை வாசித்தார். இம்முறை அவருடைய குரல் வழக்கமாகப் பேப்பர் வாசிக்கும் குரலாக இருந்தது. அவள் அறைக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் திருகினாள்.

ஒன்றும் நிகழவில்லை. தகரத்தின் மேல் மழைத்தூறல் விழும் ஓசை மாத்திரம் கேட்டது. அவள் கண்ணைத் திறந்து, மௌனமாயிருந்த அந்த இரும்பைப் பார்த்து, “ஓடேன் பாப்போம்!” என்றாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. மிளகு வாடையில் எங்கள் எல்லோருக்கும் கண்ணில் நீர் இருந்தபடியால் எவர் அழுதார் என்பதைக் கணக்கிட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

சுவிட்சை மீண்டும் பூச்சியத்துக்குத் திருகினாள். மூடியைத் திறந்தாள். சல்லடையைக் கழற்றித் தூரிகையால் துடைத்து, முன்போலப் பொருத்தி, மூடியை இறுக்கினாள். கடைசிப் படிகளில் ஒன்று, பூட்டைப் போட்டவரே பூட்டைக் கழற்ற வேண்டும் என்பது. அதற்கு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை.

பிற்பாடு செம்மையான பிரதியை எழுதிக்கொடுத்தேன்; எல்லாவற்றையும் மரியாதைப் பன்மைக்கு மாற்றினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் இதைப்போல் அலங்காரம் குறைந்தது வேறில்லை. பிளாஸ்ரிக் உறையில் இட்டு இயந்திரத்துக்கு எதிரே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

சென்ற கிழமை வேறொரு அலுவலாகப் போயிருந்தேன். தேநீர் வேளை முடிந்து முதலாவதாக வந்தவர் நானா. பின்வாசலால் அல்ல, நடைபாதையால். மெயின் சுவிட்சில் சிவப்புப் பூட்டுத் தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

“தங்கச்சி! சாவி எங்க?”

உள்ளேயிருந்து ஏப்ரன் பையைத் தட்டும் ஓசை வந்தது.

“எங்கிட்டதான் இருக்கு நானா! நீங்க போயி பேப்பரைப் படிங்க!”