உள்பக்கம் போன நான்கு எண்கள்

டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் நான்கே நான்கு எண். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், கடைசி இரண்டும் எந்த வருஷம். 2217 என்றால் 2017ஆம் வருஷத்தின் இருபத்திரண்டாவது வாரம். மே முடிந்து ஜூன் பிறக்கிற சமயம். அந்த வாரத்தில் பிறந்த டயர். சங்கதி இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லியே பாகூரில் என் டயர் கடையில் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

ஒருத்தர் 1224 என்பதை டிசம்பர் மாசம் என்று படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு நிற்பார். அது பன்னிரண்டாவது வாரம், மார்ச் என்றால் நம்ப மாட்டார். இன்னொருத்தர் டயர் சைஸைப் படித்துவிட்டு, "நூத்தி அறுவத்தஞ்சாவது வாரமா பாய்?" என்றார். வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாரோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

சரியாகப் படிக்கிறவர்கள் அதைவிட மோசம். புது டயரை உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், எட்டு மாசப் பழசு. கொறச்சிக் குடு" என்பார்கள். டயர் என்ன தயிரா, எட்டு மாதத்தில் புளித்துப்போக? வெயில் படாமல் கடைக்குள் இருந்த டயருக்கு எட்டு மாதம் ஒரு வயசே இல்லை. இதையும் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

இப்படி எரிச்சல்பட்டுப் பட்டு, ஒரு காலத்தில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பல டயர்களில் அந்தக் கட்டம் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மறுபக்கம் கம்பெனி பெயர், சைஸ் எல்லாம் இருந்தாலும் தேதி இருக்காது. தேதி இருக்கிற பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டால் கேள்வியும் இல்லை, தகராறும் இல்லை. சில வருஷங்கள் அப்படித்தான் மாட்டினேன். அப்புறம் ஒரு சமயம் கடலூர் ரோட்டில் தெரிந்தவர் ஒருவரின் கார் டயர் வெடித்தது. எடுத்துப் பார்த்தால் பத்து வயசு டயர். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் "நம்பரைப் பாருங்க, அஞ்சாறு வருஷம் தாண்டினா எங்கிட்ட காட்டுங்க" என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். நல்ல மனுஷன் ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். மணப்பட்டுக்காரர் ஒருவரின் வேனில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அவளோடு இன்னும் பத்துப் பிள்ளைகள். பின் சீட்டில் இடதுபக்க ஜன்னல்தான் வேண்டும் என்று முதல் நாளே பிடித்துக்கொண்டாள். அந்த சீட்டுக்கு நேர் கீழேதான் பின்சக்கரம்.

இந்த மே மாதம் வேன்காரர் ஆர்டிஓ ஆபீஸில் எஃப்சிக்கு வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் காற்று பிடிக்க வந்தார். பின்சக்கரத்துக்குக் காற்று பிடிக்கக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரிம் ஓரமாகச் சுற்றிலும் மெல்லிய வெடிப்பு. காய்ந்துபோன ஏரிச் சேறு மாதிரி. விரலால் அழுத்தினால் வாய் திறக்கிறது.

"அண்ணே, இன்னா டயர் இது? எந்தக் காலத்து டயர்?"

"இன்னா பாய் பயமுறுத்தற? பட்டன் அப்பிடியே கீது பாரு" என்றார். உண்மைதான். தரையில் படுகிற அந்தக் கட்டைகள் பாதிக்கு மேல் தேயாமல் இருந்தன. தினமும் மணப்பட்டுக்கும் பாகூருக்கும் மட்டும் ஓடுகிற வண்டிக்கு டயர் எவ்வளவு தேயும்? நடுவில் கொரோனா என்று இரண்டு வருஷம் வேப்பமரத்தடியில் நின்ற வண்டி வேறு. ஓடாத டயர் தேயாது. ஆனால் ரப்பர் சும்மா நின்றாலும் காயும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பட்டன், பட்டன், பட்டன்! பட்டன் இருந்தா போதுமா? போன வருஷம் இதே எடத்துல நின்னு சொன்னனா இல்லையா? நம்பரைப் பாருங்கன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனே! பதினோரு பிள்ளைங்க ஒக்கார்ற வண்டி. கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"

எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சொன்னத நான் மறக்கல பாய். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம சோப்புப் போட்டுத் தேச்சித் தேச்சிப் பாக்கறேன். முன்னாடி ரெண்டுலயும் கீது. பின்னாடி ரெண்டுலயும் இல்ல. சில டயருக்கு நம்பர் போட மாட்டாங்க போலன்னு வுட்டுட்டேன்" என்றார்.

"நம்பர் இல்லாத டயரா? அண்ணே, என் வாயக் கிளறாதீங்க." துணியை நனைத்து நானே துடைத்தேன். முன்டயரில் 3023 பளிச்சென்று இருந்தது. பின்னால் வந்து சுற்றிச் சுற்றித் துடைத்தேன். கம்பெனி பெயர், சைஸ், என்னென்னமோ எழுத்துகள். கட்டத்தை மட்டும் காணோம்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றித் தரையில் புரட்டிப் போட்டேன். உள்பக்கத்து மண்ணைச் சுரண்டினேன். முட்டைக் கட்டத்துக்குள் 2217. மறுபக்கத்துப் பின்சக்கரத்தையும் கழற்றினேன். அதிலும் 2217. எட்டு வயசு.

"இத எங்க வாங்குனீங்க அண்ணே?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

"உங்கிட்டதான் பாய். மொத மொத வேன் எடுத்தப்ப நீதான மாட்டிக் குடுத்த? முன்னாடி ரெண்டுதான் அப்பறம் மாத்தனோம்."

என் கடையில் ஒரு வருஷம் கிடந்த ஜோடி அது. பழைய சரக்கு என்று பேரம் பேசுவார் என்று, வாயே திறக்காமல் தேதியை உள்ளே தள்ளி மாட்டியிருக்கிறேன். ஒரு வருஷம் கிடந்ததில் டயருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை மறைத்ததில்தான் அந்த மனுஷன் வாரா வாரம் சோப்பு நுரையோடு, இல்லாத நம்பரைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கத்தியது நான். மாட்டியதும் நான். அந்தச் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்து போய் வந்தது என் பிள்ளை.

தேதியை உள்ளே வைத்து மாட்டிய அந்தப் பழக்கத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். டீக்கடையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் குனிந்து அந்த 2217ஐ விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இதே மாதிரி எத்தினி வண்டிக்கு மாட்டன?" என்று கேட்டார்.

கணக்கே தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

புது டயர் இரண்டையும் தேதி வெளியே தெரிய மாட்டிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். கிளம்பும்போது, "உன் பொண்ணு நல்லா பாடிக்கினே வரும் பாய்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து எனக்கு நிற்கிற வண்டியெல்லாம் பகை. கல்யாண வீட்டு வாசலில், பள்ளிவாசலுக்கு வெளியே, பஸ் ஸ்டாண்டில், தெரிந்த வண்டி எதைப் பார்த்தாலும் குனிந்து துழாவுகிறேன். வெளியே கட்டம் இல்லையென்றால் கீழே படுத்து, செல்போனை உள்ளே நீட்டிப் போட்டோ எடுத்துப் பார்க்கிறேன். "சட்டையெல்லாம் மண்ணு, இது என்ன பைத்தியம்?" என்று வீட்டில் திட்டு. இதுவரை நாலு வண்டி சிக்கியிருக்கிறது.

போன வாரம் செலியமேட்டில் ஒரு பழைய வேன். நெல் அறுவடைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. வெளியே நம்பர் இல்லை. உள்ளே செல்போனை நீட்டினால் 4116. வீட்டுக் கதவைத் தட்டினேன். வண்டிக்காரர் சாப்பிட்ட கையோடு வந்தார். டயரை மாற்ற வேண்டும், இன்றைக்கே கடைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன்.

அவர் எச்சில் கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து ஒருமுறை சக்கரத்தைப் பார்த்தார்.

"எதுக்கு பாய்? பட்டன் அப்பிடியே கீதே" என்றார்.

எனக்குக் கத்த வாய் வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அது நான் மாட்டுனதுண்ணே" என்று ஆரம்பித்தேன்.