பன்னிரண்டு கட்டைகளும் ஒரு மூட்டை சிமெண்டும்

தொண்ணூறுகளின் நடுவில், வண்ணார்பேட்டையில் மாடியில் இயங்கிய ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக வரைவாளராக இருந்தேன். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையை நீட்டித்துத் தாள் வரும். வருமா வராதா என்பதிலேயே ஐந்தாவது மாதம் கழியும்.

அந்த வருடம் காரையாறு அணைக்கு மேலே, மின்கம்பி போகாத ஒரு மலைக்குடியிருப்பின் துணைச் சுகாதார நிலையத்துக்குச் சூரிய ஒளித் தகடுகள் ஒதுக்கப்பட்டன. தடுப்பூசி மருந்துக்கு ஒரு குளிர்பெட்டி, நான்கு விளக்கு. மொத்தம் பன்னிரண்டு தகடுகள், மூன்று இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கால்கள். கூரைத் தளத்தைத் துளைத்தால் ஒழுகும் என்பதால் ஒவ்வொரு காலையும் ஒரு கான்கிரீட் கட்டையில் பதித்த போல்ட்டில் முடுக்கி, கட்டைகளின் கனத்திலேயே சட்டத்தை நிறுத்துவதுதான் முறை.

கட்டையின் அளவு நாற்பதுக்கு நாற்பது, உயரம் முப்பது சென்டிமீட்டர். ஒன்றுக்கு 0.048 கன மீட்டர், எடை ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து கிலோ. வரைபடத்தில் பன்னிரண்டு கட்டைகளையும் நான்தான் வரைந்தேன். எவ்வளவு கான்கிரீட் வேண்டும் என்ற மதிப்பீட்டையும் நான்தான் எழுதினேன். அதில் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதுவதற்குப் பதிலாக, சட்டங்களின் எண்ணிக்கையான மூன்றை எழுதிவிட்டேன். 0.576 என்று வரவேண்டிய மொத்தம் 0.144 ஆயிற்று. மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

சித்திரையில் வேலையைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். படகில் அணையைக் கடந்து, ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போனால் தளத்தின் மேல் கொத்தனார் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"ஏம்மா, பன்னெண்டு காலுக்கு ஒரு மூடை சிமெண்டா? படத்துல உள்ள அளவுக்கு நாலு மூடை வேணும்லா?"

"ஒரு மூடையா வந்துச்சு?"

"உங்க மதிப்பீட்டப் பாத்து வனத்துறை குடுத்த சீட்டுல ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. சாவடியில அதுக்கு மேல ஒரு படி விட மாட்டேங்கான். சல்லியும் அப்படித்தான், கால்வாசி."

நோட்டை எடுத்துத் தளத்திலேயே உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. "ஆபீஸ்ல எங்கயோ குறைச்சிருக்காங்க அண்ணாச்சி," என்றேன்.

"இந்த ஒரு மூடைக்கு முழு அளவுல மூணு கட்டை போடலாம்," என்றார் அவர். "ஒரு சட்டத்துக்கே நாலு காலு. ஒத்தக் காலு அந்தரத்துல நிக்கும்."

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். திருத்திய மதிப்பீடு, மறுபடி மூன்று கையெழுத்து, புதிய வனத்துறைச் சீட்டு என்று இரண்டு மாதம் ஓடும். அதற்குள் மழை இறங்கிவிடும். சட்டம் மாட்டுகிறவர்கள் மதுரையிலிருந்து பத்தாம் நாள் வருவதாக இருந்தது. கீழே குளிர்பெட்டி அட்டை பிரிக்காமல் நின்றது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் என்னைத் தடுத்தது இது எதுவும் இல்லை. அது எனக்கு ஐந்தாவது மாதம்.

"இருபதுக்கு இருபதா போட்டுருங்க. உயரம் அதேதான்."

கொத்தனார் விரலால் தளத்தில் ஒரு சதுரம் போட்டு அதை நாலாகக் கீறினார். "பக்கத்தப் பாதியாக்கினா கனம் பாதி இல்லம்மா, கால்வாசி."

"தெரியும் அண்ணாச்சி."

தெரிந்துதான் சொன்னேன். ஒரு கட்டை 0.012 கன மீட்டர், இருபத்தொன்பது கிலோகூட இல்லை. நான்கு கட்டையும் சட்டமும் தகடுகளும் சேர்ந்தாலும் நூற்றெண்பதைத் தாண்டாது. அந்த மலைக்காற்று ஒரு சட்டத்தை இருநூற்றைம்பது கிலோ அளவுக்குத் தூக்கக்கூடும் என்று எங்கள் அலுவலகக் கணக்கிலேயே இருந்தது. கொத்தனார் நாற்பது சென்டிமீட்டர்ப் பலகைகளைப் பாதியாக அறுத்துக் கான்கிரீட் வார்க்கப் பெட்டி அடித்தார். பன்னிரண்டு கட்டைகளும் ஒரே நாளில் முடிந்தன. முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: பன்னிரண்டு, புள்ளி இரண்டு, புள்ளி இரண்டு, புள்ளி மூன்று. மொத்தம் 0.144. அனுமதித்த அளவோடு இம்மி பிசகாமல் பொருந்தியது.

வைகாசியில் விளக்கு எரிந்தது. அங்கேயே தங்கியிருந்த நர்சு, நாற்பதைத் தாண்டியவர், குளிர்பெட்டியைத் திறந்து வெப்பமானியை எனக்குக் காட்டினார். "பாருங்க, அஞ்சு டிகிரி. இனிமே புதங்கிழமைக்குப் புதங்கிழம மருந்துக்காக ஐஸ் பெட்டியத் தூக்கிட்டுப் படகேற வேண்டாம்." அவர் தோளில் பெட்டியின் வார் பதிந்த இடம் கருத்துக் காய்த்திருந்தது.

அவரிடமும் சொல்லவில்லை. "காத்துக் காலத்துக்கு முன்னால சட்டத்துக் கால்ல மணல் மூடை கட்டி வைங்க," என்று மட்டும் சொன்னேன். கட்டினார். சணல் சாக்குகள். மலைமழையில் அவை எத்தனை நாள் தாங்கும்?

ஊருக்கு வந்து, கட்டைகளைச் சுற்றிக் கூடுதல் கான்கிரீட் போட ஒரு திருத்த மதிப்பீடு எழுதி உதவிப் பொறியாளரிடம் நீட்டினேன். அவர் அளவுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"கணக்கு சரியாத்தானே இருக்கு? அனுமதிச்ச அளவு, போட்ட அளவு ரெண்டும் ஒண்ணு. முடிஞ்ச வேலைக்கு என்னத்தம்மா திருத்துதது?"

"சார், எடை பத்தாது."

"அப்போ முதல்ல போட்ட கணக்கு தப்புன்னு சொல்லுதீங்களா? அதப் போட்டது யாரு?"

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆடி பிறந்து நான்காவது நாள் காற்று எடுத்தது. மேற்கு முகட்டைத் தாண்டி உருண்டு, வடக்கே சுற்றி வந்து, தெற்கே சரித்து வைத்திருந்த தகடுகளின் உயர்ந்த வடபுறத்தில் அடிவழியாக நுழைந்திருக்கிறது. நர்சின் கடிதம் ஒன்பது நாள் கழித்து வந்தது. போய்ப் பார்த்தேன். மணல் சாக்குகள் கிழிந்து தளமெல்லாம் மணல். ஒரு சட்டம் கைப்பிடிச்சுவரைத் தாண்டித் தரையில் குப்புறக் கிடந்தது. தகடு நான்கும் நொறுங்கியிருந்தன. இன்னொன்று தளத்திலேயே மல்லாந்து, கட்டைகள் வானத்தைப் பார்க்க இருந்தது. போல்ட் ஒன்றுகூடக் கழலவில்லை. கொத்தனாரின் வேலையில் ஒரு குறையும் இல்லை.

அன்று நர்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று என்று எழுதியதை, ஐந்தாவது மாதத்தை, எல்லாவற்றையும். அவர் குழந்தைகளின் பதிவேடுகளை, ஓடாமல் நின்ற குளிர்பெட்டிக்குள் அடுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நனையாம இருக்கும்லா," என்றார். பிறகு, "அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ரெண்டு மாசம் பொறுத்திருப்பேனே. பதினோரு வருசமாச் சுமக்கேன், ரெண்டு மாசமா பெரிசு?"

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசாரணை அறிக்கையில் காரணம் 'எதிர்பாராத பெருங்காற்று' என்று இருந்தது. வரைபடத்தையும் மதிப்பீட்டையும் யாரும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுத்தது நான்தான். மிஞ்சிய ஒரு சட்டத்தையும் பாதுகாப்பு கருதிக் கழற்றிக் கீழே கொண்டுவந்து கிடங்கில் போட்டார்கள். மறுபடி ஒதுக்கீடு வரவில்லை. என் வேலை நீட்டிப்புத் தாள் மட்டும் அடுத்த முறையும் சரியாக வந்தது.

மறுவருடம் வேறொரு வேலையாகப் பாபநாசம் போயிருந்தேன். புதன்கிழமை. அணைக்குப் போகும் பேருந்தின் முன்படியில் நர்சு ஏறிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டியைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க ஒரு கணம் கம்பியைப் பிடித்து நின்றார். கூப்பிடும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை.